எட்டு லட்சம் பேர் விட்டுப் போன காலாண்டு

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளில் ஒன்று பல பேரிடமிருந்து ஒரே மாதிரி வந்திருந்தது. "டார்கெட் அடிக்கவில்லை. முதலீட்டாளர்களோடு கால் இருக்கிறது. என்ன சொல்வது?" இதற்குப் பொதுவாகக் கிடைக்கிற பதில், "நேர்மையா சொல்லுங்க, ஆனா நம்பிக்கையோட சொல்லுங்க" என்பதுதான். எனக்கு அந்தப் பதில் எந்தக் காலத்திலும் உதவியதில்லை. நேர்மையாக என்றால் எந்த எண்ணை முதலில் சொல்வது? நம்பிக்கை என்றால் எதை நம்பச் சொல்வது?

ஒரு சமயம் நான் வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியில் இந்த ஸ்க்ரிப்டை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் எழுதுபவன் இல்லை, டேட்டாபேஸில் எண்களை எடுத்துக் கொடுப்பவன். ஆனால் எண்கள் மோசமாக இருக்கும்போது, எடுத்துக் கொடுப்பவன்தான் எழுதவும் வேண்டியிருக்கிறது. அப்போது மற்ற கம்பெனிகள் இந்த மாதிரி நேரத்தில் என்ன சொன்னார்கள் என்று பழைய முதலீட்டாளர் கடிதங்களைத் தேடிப் படித்தேன். அதில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது நெட்ஃப்ளிக்ஸ் 2011-ல் எழுதியது. இன்றைக்கு அந்தக் கதைதான். என் கம்பெனிக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு சொல்ல வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் அதை ஒரு போன் காலாக நடத்துகின்றன. முதலில் ஒருவர் வந்து, "நாங்கள் எதிர்காலம் பற்றிச் சொல்வதெல்லாம் மதிப்பீடு, அப்படியே நடக்காமலும் போகலாம்" என்று ஒரு பத்தி வாசிப்பார். 1995-ல் வந்த ஒரு சட்டம், இப்படி எச்சரித்துவிட்டுச் சொல்கிற முன்கணிப்புகளுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு தருகிறது. அதனால்தான் எல்லோரும் அந்தப் பத்தியை வாசிக்கிறார்கள். 2000-ல் இன்னொரு விதி வந்தது. முக்கியமான தகவலைச் சில ஆய்வாளர்களுக்கு மட்டும் காதில் சொல்லக் கூடாது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும் என்பது அந்த விதி. அதற்குப் பிறகு இந்தக் கால்களின் ஒவ்வொரு வாக்கியத்தையும் வக்கீல்கள் பார்க்கிறார்கள். தலைமை அதிகாரி ஒரு ஸ்க்ரிப்டை வாசிப்பார், நிதி அதிகாரி இன்னொன்றை வாசிப்பார், பிறகு கேள்வி பதில்.

நெட்ஃப்ளிக்ஸ் அப்போது இதைக் கொஞ்சம் வேறு மாதிரி செய்தது. வாசிக்க வேண்டியதை முன்பே ஒரு நீண்ட கடிதமாக வெளியிட்டுவிடும். கால் முழுக்க கேள்வி பதில்தான். அதனால் நமக்கு ஒரு வசதி: ஸ்க்ரிப்ட் என்னவென்று எழுத்தில் அப்படியே இருக்கிறது, பல வருடம் கழித்தும் உட்கார்ந்து சரிபார்க்கலாம்.

இப்போது 2011 ஜூலைக்குப் போவோம். நெட்ஃப்ளிக்ஸ் என்றால் இன்றைக்கு நமக்குத் தெரிவது ஸ்ட்ரீமிங். அன்றைக்கு அமெரிக்காவில் அது தபாலில் டிவிடி அனுப்புகிற கம்பெனியாகவும் இருந்தது. மாதம் 9.99 டாலர் கட்டினால் ஸ்ட்ரீமிங்கும் உண்டு, ஒவ்வொன்றாக வீட்டுக்கு வருகிற டிவிடியும் உண்டு. ஜூலை 12 அன்று அந்தச் சேர்ந்த திட்டத்தை உடைத்தார்கள். ஸ்ட்ரீமிங் 7.99, டிவிடி 7.99. இரண்டும் வேண்டுமென்றால் 15.98. கிட்டத்தட்ட 60 சதவீத விலையேற்றம். பழைய சந்தாதாரர்களுக்கு செப்டம்பர் 1 முதல் அமல்.

ஜூலை கடைசியில் வந்த முதலீட்டாளர் கடிதத்தில், சிலர் கோபப்படுவார்கள் என்று கம்பெனி ஒத்துக்கொண்டது. ஆனாலும் செப்டம்பர் முடிவில் அமெரிக்காவில் 2.5 கோடி சந்தாதாரர்கள் இருப்பார்கள் என்று கணித்தது. அப்போது இருந்தது 2.46 கோடி. அதாவது இவ்வளவு பெரிய விலையேற்றத்துக்குப் பிறகும் எண்ணிக்கை கொஞ்சம் கூடவே செய்யும் என்பது கணக்கு.

அடுத்து நடந்ததுதான் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். செப்டம்பர் 15 அன்று, காலாண்டு முடிய இன்னும் 2 வாரம் இருக்கும்போதே, கம்பெனி தானாக முன்வந்து கணிப்பைக் குறைத்தது. 2.5 கோடி இல்லை, 2.4 கோடிதான். மேலோட்டமாகப் பார்த்தால் இது ரொம்ப நல்ல நடத்தை. கெட்ட செய்தியை முடிவு வரைக்கும் மறைத்து வைக்கவில்லை. பங்கு விலை அன்றைக்கே 19 சதவீதம் விழுந்தது, அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் அந்த அறிவிப்புக்கு உள்ளே போய்ப் பாருங்கள். சந்தாதாரர்களை மூன்று கூடையாகப் பிரித்திருந்தார்கள். ஸ்ட்ரீமிங் மட்டும் வைத்திருப்பவர்கள், டிவிடி மட்டும் வைத்திருப்பவர்கள், இரண்டும் வைத்திருப்பவர்கள். ஜூலைக் கணக்கில் ஸ்ட்ரீமிங் மட்டும் 1 கோடி, டிவிடி மட்டும் 30 லட்சம், இரண்டும் 1.2 கோடி. மொத்தம் 2.5 கோடி. செப்டம்பரில் ஸ்ட்ரீமிங் மட்டும் என்பதை 98 லட்சமாகக் குறைத்தார்கள். டிவிடி மட்டும் என்பதை 22 லட்சமாகக் குறைத்தார்கள். இரண்டும் வைத்திருப்பவர்கள்? 1.2 கோடி. அதில் கை வைக்கவே இல்லை.

இப்போது யோசிச்சுப் பாருங்க. 9.99-லிருந்து 15.98-க்குப் போனது யாருக்கு? அந்த மூன்றாவது கூடைக்குத்தான். ஆத்திரம் இருந்தால் அங்கேதான் அதிகமாக இருக்கும். பழைய சந்தாதாரர்களுக்குப் புது விலை அமலாகி அப்போது 2 வாரம்தான் ஆகியிருந்தது. பில் கையில் வந்து, பார்த்து, கோபப்பட்டு, ரத்து செய்கிறவர்கள் இன்னும் வந்து முடியவில்லை. அந்தக் கூடையின் எண்தான் இன்னும் உருகிக்கொண்டிருந்த எண். அதை நிலையானது என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

அடுத்த மாதம் உண்மையான எண்கள் வந்தன. மொத்தம் 2.38 கோடி. குறைத்துச் சொன்ன கணிப்பையும் தொடவில்லை. ஸ்ட்ரீமிங் வைத்திருப்பவர்கள் எல்லோரையும் சேர்த்தால் 2.145 கோடி, டிவிடி வைத்திருப்பவர்கள் எல்லோரையும் சேர்த்தால் 1.393 கோடி. இரண்டையும் கூட்டி மொத்தத்தைக் கழித்தால், இரண்டும் வைத்திருப்பவர்கள் சுமார் 1.16 கோடி என்று வருகிறது. 1.2 கோடி என்று விட்டுவைத்த அதே கூடை. குறைத்துச் சொன்ன மற்ற இரண்டு கூடைகளும் செப்டம்பர் கணிப்பைவிடக் கொஞ்சம் மேலேயே வந்திருந்தன. மொத்தத் தவறும் தொடாமல் விட்ட இடத்திலிருந்துதான்.

இந்தக் கழித்தலை முதல்முறை செய்தபோது நான் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி பொய் சொல்லவில்லை. நேரத்துக்கு முன்பே வந்து சொன்னது, பிரித்துச் சொன்னது. ஆனால் வலிக்கிற கூடையைத் தொடவில்லை. அதனால் ஒரே காலாண்டில் இரண்டு முறை தவறிய கம்பெனியானது. முதலீட்டாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் முதல் தவறை மன்னிப்பார்கள், திருத்திய எண்ணும் தவறினால் "இவங்களுக்கே அவங்க கம்பெனில என்ன நடக்குதுன்னு தெரியல" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. செப்டம்பர் 18 இரவு தலைமை அதிகாரி ரீட் ஹேஸ்டிங்ஸ் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்பு கேட்டு எழுதினார். தப்பு என்னுடையது, விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன் என்ற தொனியில் ஆரம்பம். நல்ல ஆரம்பம்தான். ஆனால் அதே மூச்சில், டிவிடி சேவையை குவிக்ஸ்டர் என்ற பெயரில் தனி வலைத்தளமாக்கப் போகிறோம் என்றும் அறிவித்தார். தனி வலைத்தளம், தனி பில். மன்னிப்பு கேட்கிற கடிதத்திலேயே அடுத்த தலைவலியைக் கட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? 3 வாரத்தில், அக்டோபர் 10 அன்று, குவிக்ஸ்டர் வேண்டாம் என்று திரும்பப் பெற்றார்கள். குவிக்ஸ்டர் பற்றி நிறைய பேர் சிரித்துப் பேசியாகிவிட்டது, நான் அங்கே நிற்கப் போவதில்லை. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான். மன்னிப்பு மட்டும் நம்பிக்கையைத் திருப்பித் தரவில்லை.

இப்போது அக்டோபர் 24. மூன்றாம் காலாண்டுக் கடிதம், அதன் பிறகு கால். பதில் சொல்ல ஹேஸ்டிங்ஸும் நிதி அதிகாரி டேவிட் வெல்ஸும்.

அவர்களிடம் நல்ல எண்கள் இல்லாமல் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலாண்டு வருமானம் சுமார் 82 கோடி டாலர், லாபம் 6.2 கோடி டாலர். முந்தைய வருடம் இதே காலாண்டில் லாபம் 3.8 கோடிதான். "வருமானம் வளர்ந்தது, லாபம் வளர்ந்தது" என்று ஆரம்பித்திருக்கலாம். சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. என்னிடம் யாராவது அந்த எண்களைக் கொடுத்து ஸ்க்ரிப்ட் எழுதச் சொன்னால், அந்த வயதில் நானும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பேன்.

அவர்கள் அப்படி ஆரம்பிக்கவில்லை. கடந்த சில மாதங்கள் பங்குதாரர்களுக்கும் ஊழியர்களுக்கும் எல்லாவற்றுக்கும் மேலாக உறுப்பினர்களுக்கும் கஷ்டமாக இருந்தது, பாடுபட்டுச் சேர்த்த பெயரைக் கெடுத்துக்கொண்டோம், உள்நாட்டு வளர்ச்சி நின்றுபோனது என்ற பொருளில்தான் ஆரம்பம். அடுத்து காரணம். பொருளாதாரம் சரியில்லை, போட்டி அதிகம் என்றெல்லாம் போகவில்லை. நீண்ட நாள் உறுப்பினர்கள் பலருக்கு விலை மாற்றம் அதிர்ச்சியாக இருந்தது, நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் ரத்து செய்தார்கள் என்று நேராக வந்தார்கள்.

அதற்கு அடுத்த நகர்வுதான் எனக்குப் பிடித்தது. விலை தப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. 7.99 என்பது இரண்டு சேவைக்கும் நீண்ட காலத்துக்குச் சரியான விலைதான், எவ்வளவு வேகமாக அங்கே போகலாம் என்பதில்தான் தப்புக் கணக்குப் போட்டோம் என்றார்கள். தப்பின் அளவை வெட்டி எடுத்துக் காட்டுகிறார்கள் பாருங்கள். எல்லாமே தப்பு என்று சொன்னால் கேட்கிறவருக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் அடுத்த கேள்வி "அப்போ விலையைக் குறைக்கிறீங்களா?" என்று வரும். குறைக்கப் போவதில்லை என்றால் அந்த மன்னிப்பு பொய்யாகிவிடும். எதைத் திருத்தப் போகிறார்களோ அதற்கு மட்டும் பொறுப்பேற்றார்கள்.

பிறகு நான்காம் காலாண்டுக் கணிப்பு. செப்டம்பரில் செய்த தப்பை இங்கே செய்யவில்லை. இந்த முறை வலிக்கிற கூடையில்தான் முதலில் கை வைத்தார்கள். 1.39 கோடியாக இருந்த டிவிடி சந்தாதாரர்கள் டிசம்பர் முடிவில் 1.03 முதல் 1.13 கோடியாக இருப்பார்கள் என்றார்கள். அதாவது ஒரே காலாண்டில் இன்னும் 25 லட்சத்துக்கும் மேல் போகும் என்று தங்கள் வாயாலேயே சொன்னார்கள். ஸ்ட்ரீமிங் 2 கோடி முதல் 2.15 கோடி. இருந்ததே 2.145. ஆக, அதுவும் நல்லபடியாகப் போனால் அப்படியே நிற்கும், இல்லையென்றால் விழும்.

இன்னொன்றும் செய்தார்கள். அடுத்த காலாண்டிலிருந்து உள்நாட்டு ஸ்ட்ரீமிங், வெளிநாட்டு ஸ்ட்ரீமிங், உள்நாட்டு டிவிடி என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கு சொல்வோம் என்றார்கள். பிரித்துச் சொல்வது அவர்களுக்கே சங்கடம். ஏனென்றால் பணம் எங்கிருந்து வருகிறது என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். பிரித்தபோது தெரிந்தது இதுதான்: 2011 கடைசிக் காலாண்டில் டிவிடி 37 கோடி டாலர் வருமானத்தில் 19.4 கோடி பங்களிப்பு லாபம் கொடுத்தது. ஸ்ட்ரீமிங் 47.6 கோடி வருமானத்தில் 5.2 கோடிதான். வெளிநாடு 6 கோடி நஷ்டம். எந்த வியாபாரம் செத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னார்களோ அதுதான் வீட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. இதைச் சந்தையில் எல்லோரும் பார்க்கும்படி வைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

கடைசியாக, இன்னும் ஒரு கெட்ட செய்தி. 2012 ஆரம்பத்தில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தொடங்கப் போகிறோம், அதனால் சில காலாண்டுகள் மொத்தமாக நஷ்டத்தில் இருப்போம் என்றார்கள். ஆனால் அதோடு ஒரு நிபந்தனையையும் கட்டினார்கள். அந்த இரண்டு நாடுகளுக்குப் பிறகு, மொத்தக் கணக்கில் லாபத்துக்குத் திரும்பும் வரை புதிதாக எந்த நாட்டையும் தொட மாட்டோம்.

இந்த நிபந்தனைதான் மீட்புத் திட்டத்தின் முதுகெலும்பு என்று நான் நினைக்கிறேன். "செலவைக் கட்டுப்படுத்துவோம்" என்று சொன்னால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது. "லாபம் வரும் வரை புது நாடு இல்லை" என்றால் வெளியிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன்கூடச் சரிபார்க்கலாம். புது நாடு திறந்தார்களா? லாபம் வந்ததா? அவ்வளவுதான்.

இவ்வளவு நன்றாக எழுதிய கடிதத்துக்குச் சந்தை என்ன பரிசு கொடுத்தது? மறுநாள் பங்கு விலை 35 சதவீதம் விழுந்தது. கிட்டத்தட்ட 119 டாலரிலிருந்து 77 டாலருக்கு. ஜூலையில் அது 300 டாலர் பக்கம் இருந்தது. நவம்பரில் கம்பெனி 40 கோடி டாலர் திரட்ட வேண்டியிருந்தது. பாதி கடன்பத்திரம், பாதி புதுப் பங்கு, பங்கு ஒன்று 70 டாலர் வீதம். அதே வருடம் சராசரியாக 200 டாலருக்கும் மேல் கொடுத்துத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கியிருந்த கம்பெனி, இப்போது 70-க்கு விற்றது. அதோடு, 2012 முழு வருடமும் நஷ்டமாக இருக்கும் என்றும் எழுத்தில் கொடுத்தார்கள்.

அதனால் "நேர்மையா சொன்னா சந்தை மதிக்கும்" என்று யாராவது சொன்னால் இந்த அக்டோபர் 25-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கால் நடக்கிற நாளில் நேர்மைக்குப் பலன் கிடைக்கவில்லை. கிடைத்தது மூன்று மாதம் கழித்து.

2012 ஜனவரி 25. நான்காம் காலாண்டு முடிவு. டிவிடி சந்தாதாரர்கள் 1.117 கோடி. 27 லட்சத்துக்கும் மேல் போயிருந்தார்கள். மூன்றாம் காலாண்டில் 8 லட்சம் போனதற்கே தலைப்புச் செய்தி வந்தது என்றால், இதற்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? மறுநாள் பங்கு விலை 22 சதவீதம் ஏறியது. ஏனென்றால் 1.03-லிருந்து 1.13 என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதற்குள்தான் வந்தது. ஸ்ட்ரீமிங் 2.167 கோடி, சொன்ன வரம்பின் மேல் முனையையும் தாண்டி. கெட்ட செய்தி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதால், புதுச் செய்தி என்று இருந்தது நல்லது மட்டும்தான்.

நிபந்தனையும் காப்பாற்றப்பட்டது. 2012 முதல் காலாண்டில் சுமார் 46 லட்சம் டாலர் நஷ்டம். இரண்டாம் காலாண்டிலேயே சுமார் 60 லட்சம் லாபம். அதற்குப் பிறகுதான் ஸ்வீடன், நார்வே பக்கம் போவதை அறிவித்தார்கள். வருடம் முழுக்க நஷ்டம் என்று சொன்னது, 1.7 கோடி டாலர் லாபத்தில் முடிந்தது.

இங்கேயே கதையை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் அதே ஆட்கள், அதே வருடம், இன்னொரு இடத்தில் சறுக்கினார்கள். 2012 முதல் மாதங்களில், இந்த வருடம் அமெரிக்காவில் 70 லட்சம் ஸ்ட்ரீமிங் சந்தாதாரர்களைச் சேர்ப்போம் என்று ஒரு முழு வருட எண்ணைச் சொன்னார்கள். 2010 வேகத்துக்குத் திரும்பிவிடுவோம் என்ற அர்த்தத்தில். ஜூலையில், 70 லட்சம் கஷ்டம்தான் என்று இழுத்தார்கள், மறுநாள் பங்கு விலை 25 சதவீதம் விழுந்தது. அக்டோபரில் எண்ணைக் குறைத்தார்கள். கடைசியில் சேர்ந்தது சுமார் 55 லட்சம்.

55 லட்சம் என்பது கெட்ட எண்ணே இல்லை. ஆனால் அந்த 70 லட்சம் வேறு வகையான எண். 1.03-1.13 கோடி என்பது, தினமும் எத்தனை பேர் ரத்து செய்கிறார்கள் என்று டேட்டாபேஸில் பார்த்து, அடுத்த 10 வாரத்துக்கு நீட்டிப் போட்ட எண். 70 லட்சம் என்பது "பழையபடி ஆகிவிடுவோம்" என்ற ஆசையிலிருந்து எடுத்த எண். இரண்டும் கடிதத்தில் ஒரே எழுத்துருவில்தான் அச்சாகின்றன. கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது, எழுதுபவருக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, என் கதை. நாங்கள் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கிற 22 பேர் கம்பெனி. மார்ச் முடிவில் பணம் கட்டுகிற கடைகள் 1,200 என்பது டார்கெட். வந்தது 870. நிறுவனர், நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம், "சைன்அப் 1,400 தாண்டிடுச்சில்ல, அதை முதல் ஸ்லைடுல போடு தம்பி" என்றார்.

நான் நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி கூடை பிரித்துப் பார்த்தேன். நாங்களே நேரடியாக விற்றது 450-க்கு 410. பரவாயில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர்கள், அதாவது டீலர்கள் மூலம் விற்றது 750-க்கு 460. பள்ளம் அங்கேதான். அதோடு நிற்கவில்லை. அந்த 460-க்குள் போய், கடைசி 30 நாளில் ஒரு பில்லாவது போட்டார்களா என்று பார்த்தேன். 130 கடைகள் ஒரு பில்கூடப் போடவில்லை. டீலர் தன் தள்ளுபடிக்காக முதல் காலாண்டுப் பணத்தைக் கட்டி, கடையின் பெயரில் கணக்கு திறந்து வைத்திருக்கிறார். கடைக்காரருக்கு அதைப் பயன்படுத்தவே தெரியாது. 870 என்பதே தொடாமல் விட்டால் உருகப் போகிற எண்.

ஸ்க்ரிப்டில் நான் எழுதிய பத்தியை ஞாபகத்திலிருந்து சொல்கிறேன். "மார்ச் முடிவில் 1,200 கடைகள் என்றோம். 870 இருக்கின்றன. குறைந்ததில் பெரும்பகுதி டீலர் வழியில். டீலர்களுக்கு விற்றவுடன் கமிஷன் கொடுத்தோம், கடை பயன்படுத்துகிறதா என்று பார்க்கவில்லை. அது எங்கள் முடிவு. இந்த 870-ல் 130 கடைகள் பயன்படுத்தவில்லை, அவற்றில் 100 கடைகள் ஜூனுக்குள் போய்விடும் என்று எதிர்பார்க்கிறோம். புதிதாக வருவதையும் சேர்த்து ஜூன் முடிவில் 800 முதல் 850 இருப்போம். டீலர் மூலம் சேர்ந்த 100 கடைகளில் 80 இரண்டாவது முறை பணம் கட்டும் வரை புது டீலர் யாரையும் சேர்க்க மாட்டோம். கையில் இருக்கும் பணம் 9 மாதம் வரும்."

அண்ணா படித்துவிட்டுக் கேட்டார், "இருக்கறதைவிடக் கம்மியா ஒரு டார்கெட்டா? இதைச் சொல்லிட்டு யார்கிட்ட காசு கேக்கறது?"

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ஜனவரிக் கடிதத்தைக் காட்டினேன். "அவங்க நெட்ஃப்ளிக்ஸ் தம்பி" என்றார். அதுவும் நியாயம்தான். அவர்களிடம் டிவிடி கொண்டுவந்து கொட்டிய லாபம் இருந்தது, எங்களிடம் 9 மாதப் பணம் இருந்தது. இரவு முழுக்க வைத்திருந்துவிட்டுக் காலையில் அந்தப் பத்தியை அப்படியே வாசித்தார். ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றினார். "அது எங்கள் முடிவு" என்பதை "அது என் முடிவு" என்றார்.

காலில் முதல் கேள்வி, நாங்கள் நினைத்தது போல 1,200 பற்றி வரவில்லை. "அந்த 130 கடையை எப்போ கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். அண்ணா, "போன வாரம். முன்னாடியே பார்த்திருக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. இரண்டு முதலீட்டாளர்களில் ஒருவர் அடுத்த தவணை இப்போது இல்லை என்று சொல்லிவிட்டார். இன்னொருவர் ஜூன் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார்.

ஜூன் 30 அன்று 112 கடைகள் போயிருந்தன, 77 புதிதாக வந்திருந்தன. மொத்தம் 835. பேசலாம் என்றவர், கேட்டதில் பாதி கொடுத்தார். டீலர் நிபந்தனையைப் பொறுத்தவரை, நான் அந்தக் கம்பெனியை விட்டு வரும்போது நூற்றுக்கு 71 கடைகள் இரண்டாவது முறை கட்டியிருந்தன. புது டீலர் யாரையும் அதுவரை சேர்க்கவில்லை.